லேப்டாப் அடியில் இருக்கும் விண்டோஸ் ஸ்டிக்கர் ஒரிஜினலா, மறுபதிப்பா? போட்டோவில் என்ன தெரியும், என்ன தெரியாது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஓட இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸர் வேண்டும். அந்தத் தகுதி இல்லாத லேப்டாப்புகளை அலுவலகங்கள் கழித்துக் கட்டுகின்றன. அவை ரீஃபர்பிஷ்டு என்ற பெயரோடு கடைகளுக்கும் ஆன்லைன் விளம்பரங்களுக்கும் வருகின்றன. அந்த விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி: ‘ஒரிஜினல் விண்டோஸ் ஸ்டிக்கர் இருக்கு, போட்டோ பாருங்க’.

போட்டோவைப் பார்த்தால் லேப்டாப்பின் அடிப்பாகம், அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு லேபிள், விண்டோஸ் லோகோ, பார்கோடு, ஐந்து ஐந்து எழுத்தாக ஒரு நீளமான கீ. ஒரிஜினல் மாதிரிதான் தெரிகிறது. ஆனால் ஒரு நல்ல ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து, பிரின்ட் எடுத்து ஒட்டினாலும் சின்னத் திரையில் அப்படித்தான் தெரியும். இரண்டையும் போட்டோவை வைத்தே பிரிக்க முடியுமா? ஓரளவு முடியும். போலியை ‘போலி’ என்று சொல்ல ஒரு நல்ல போட்டோ பல நேரம் போதும். ஆனால் ‘இது ஒரிஜினல், இந்த லேப்டாப்புக்கு லைசென்ஸ் இருக்கிறது’ என்று சொல்ல எந்தப் போட்டோவும் போதாது. அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், எந்த லேப்டாப்பில் எந்த ஸ்டிக்கர் இருக்க வேண்டும்?

போட்டோவை ஜூம் செய்வதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். ஏனென்றால் பல போலிகள் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இந்த லேபிளுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் ‘சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆதென்டிசிட்டி’, சுருக்கமாக சி.ஓ.ஏ. விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா, 7 காலத்து லேப்டாப்புகளில் இந்த ஸ்டிக்கரிலேயே 25 எழுத்து ப்ராடக்ட் கீ வெளிப்படையாக அச்சிடப்பட்டிருக்கும். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது இந்த முறை மாறியது. டெல், ஹெச்.பி., லெனோவோ மாதிரி பெரிய நிறுவனங்கள் கீயை மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேருக்குள்ளேயே எழுதி வைக்க ஆரம்பித்தன. விண்டோஸை இன்ஸ்டால் செய்யும்போது அதுவே அந்தக் கீயைப் படித்துக்கொள்ளும். அதனால் அந்த லேப்டாப்புகளின் ஸ்டிக்கரில் விண்டோஸ் பெயரும் பாதுகாப்பு அம்சங்களும் மட்டும் இருக்கும், கீ இருக்காது. சின்ன அசெம்பிளர்கள் விற்கும் கம்ப்யூட்டர்களுக்குக் கீ உள்ள லேபிள் இன்னும் உண்டு. ஆனால் விண்டோஸ் 10 முதல் அந்தக் கீயின் ஒரு பகுதியை, ரீசார்ஜ் கார்டில் சுரண்டுவோமே, அதே மாதிரி ஒரு பூச்சு போட்டு மறைத்துவிடுகிறார்கள்.

இதை வைத்து ஒரு எளிய கணக்கு போடலாம். 2018-ல் வந்த, எட்டாம் தலைமுறை ப்ராசஸர் உள்ள ஒரு பிராண்டட் லேப்டாப்பின் அடியில் 25 எழுத்தும் பளிச்சென்று தெரியும் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் இருந்தால், அது அந்த லேப்டாப்போடு பிறந்தது அல்ல. காகிதம் ஒரிஜினலா இல்லையா என்று ஆராய்வதற்கு முன்பே கேள்வி கேட்கலாம்.

ஒரு விதிவிலக்கும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2013-க்குப் பிறகு சில வருடங்கள் பல பிசினஸ் லேப்டாப்புகள் விண்டோஸ் 8 ப்ரோ லைசென்ஸோடு, ஆனால் விண்டோஸ் 7 ப்ரோ போடப்பட்டு விற்பனைக்கு வந்தன. ‘டவுன்கிரேடு உரிமை’ என்று அதற்குப் பெயர். உள்ளே ஏழு ஓடியது, ஸ்டிக்கரில் எட்டு என்று இருந்தது. ஆக, ஸ்டிக்கரில் ஒன்று, உள்ளே ஒன்று இருந்தால் உடனே போலி என்று முடிவு கட்டிவிட முடியாது.

காகிதத்தைப் பார்ப்போம்

இரண்டாம் கை சந்தையில் அதிகம் பேசப்படுவதும், கீ வெளியே தெரிவதால் அதிகம் நகலெடுக்கப்படுவதும் விண்டோஸ் 7 ஸ்டிக்கர்தான். அதையே எடுத்துக்கொள்வோம்.

கையில் ஒரு 500 ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு பாதுகாப்பு இழை சில இடங்களில் காகிதத்துக்குள் புதைந்தும் சில இடங்களில் வெளியே தெரிந்தும் ஓடும். நோட்டைச் சாய்த்தால் அது பச்சையிலிருந்து நீலமாக மாறும். விண்டோஸ் ஸ்டிக்கரிலும் ஏறக்குறைய அதே யோசனைதான். உலோகப் பளபளப்புள்ள ஒரு இழை காகிதத்துக்கு உள்ளே ஓடுகிறது. ஒரு இடத்தில் மேல்காகிதம் மட்டும் ஓட்டை போல விலகியிருக்கும், அதன் வழியே இழை தெரியும். இந்த ஓட்டையின் விளிம்பு கம்பாஸ் வைத்து வரைந்த வட்டம் மாதிரி இருக்காது. காகித நார் பிரிந்தது போல ஒழுங்கில்லாமல் இருக்கும்.

போட்டோவில் ஒரே இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் இந்த இடத்தைப் பாருங்கள். மறுபதிப்பில் இது ஏன் சரியாக வராது என்பது கொஞ்சம் சுவாரஸ்யமான விஷயம். ஸ்கேனரில் விளக்கு சாய்வான கோணத்தில் காகிதத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சுகிறது, சென்சார் வேறு கோணத்திலிருந்து பார்க்கிறது. சாதாரணக் காகிதம் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் சென்சாருக்கு அது வெள்ளையாகத் தெரியும். பளபளப்பான உலோகம் அப்படியில்லை. கண்ணாடி மாதிரி ஒரே திசையில் ஒளியைத் திருப்பிவிடும், பெரும்பாலும் அது சென்சார் பக்கம் வராது. அதனால் ஸ்கேனில் உலோக இழை கறுப்பாகவோ மங்கலான சாம்பல் பட்டையாகவோ பதிவாகிறது. அதை பிரின்ட் எடுத்தால் பளபளப்பு திரும்பி வராது, சாம்பல் மைதான் வரும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தப் பட்டைக்கு வெள்ளி நிறம் கொடுத்துத் திருத்தினாலும் அது எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும் வெள்ளி நிறம். ஒளி பட்டால் நகரும் மினுமினுப்பு அதில் இருக்காது. அதேபோல ஓட்டையும் ‘வரைந்த’ ஓட்டையாகத்தான் இருக்கும். விளிம்பில் நிஜமான மேடு பள்ளம் இல்லாததால், பக்கவாட்டில் டார்ச் அடித்தால் நிழல் விழாது.

அதனால் ஒரு ஸ்டில் போட்டோவைவிட ஐந்து நொடி வீடியோ பல மடங்கு மேல். விற்பவரிடம், ‘ஸ்டிக்கர் மேல லைட் பட வச்சு, லேப்டாப்ப கொஞ்சம் சாய்ச்சு ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க’ என்று கேளுங்கள். இழையில் வெளிச்சம் ஓடுகிறதா, இல்லை அசையாமல் அப்படியே கிடக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்து, அச்சு. ஒரிஜினல் லேபிளின் பின்னணியில் உள்ள மெல்லிய கோடுகளும் நுண்ணெழுத்துகளும் அந்தந்த நிற மையில் நேரடியாக, முழுக் கோடாக அச்சாகின்றன. நம்முடைய இங்க்ஜெட், கலர் லேசர் பிரின்டர்கள் அப்படிச் செய்வதில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளைக் கலந்துதான் எல்லா நிறத்தையும் உருவாக்குகின்றன. நெருங்கிப் பார்த்தால் மெல்லிய கோடு உடைந்து புள்ளிக் கூட்டமாகத் தெரியும், நுண்ணெழுத்து வெறும் அழுக்குக் கோடாக மாறியிருக்கும். இங்க்ஜெட் என்றால் எழுத்தின் விளிம்பில் மை லேசாகப் பரவியும் இருக்கும்.

ஆனால் இதைப் பார்க்க நல்ல போட்டோ வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் அளவு சுருக்கப்பட்டு வருகிறது. அதில் நுண்ணெழுத்து ஒரிஜினலிலும் தெரியாது, போலியிலும் தெரியாது. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது படம் சுருங்காமல் வரும். ஃபோனை ஸ்டிக்கருக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோனால் ஃபோகஸ் போய்விடும். ஒரு சாண் தள்ளி நின்று 2எக்ஸ் ஜூமில் எடுப்பது பெரும்பாலான ஃபோன்களில் தெளிவாக வரும். மங்கலான போட்டோவை வைத்து ‘புள்ளி தெரியுது, போலி’ என்று தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். சுருக்கப்பட்ட படங்களிலேயே கட்டம் கட்டமாக ஒரு சிதைவு வரும், அதைப் பலர் அச்சுப் புள்ளி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எழுதியிருப்பதைப் படித்தால்?

இங்கே லென்ஸ் எதுவும் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்.

பெரிய நிறுவனங்களின் விண்டோஸ் 7 ஸ்டிக்கரில் பதிப்பின் பெயரோடு ‘ஓ.ஏ.’ என்ற இரண்டு எழுத்தும், லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் இருக்கும். டெல் லேப்டாப்பில் ஹெச்.பி. பெயர் போட்ட ஸ்டிக்கர் இருந்தால் விஷயம் முடிந்தது. நிறுவனத்தின் பெயரே இல்லாமல் பொதுவான ஓ.இ.எம். லேபிள் இருந்தால், அது அசெம்பிளர்களுக்கான வகை. ஒரு பிராண்டட் லேப்டாப்பில் அது ஏன் வந்தது என்று கேட்கலாம்.

கீயின் எழுத்துகளும் பேசும். விண்டோஸ் 7 வரையிலான கீகளில் மைக்ரோசாஃப்ட் பயன்படுத்தியது மொத்தம் 24 எழுத்துகள்தான்:

```
BCDFGHJKMPQRTVWXY2346789
```

உயிரெழுத்து ஒன்றுகூட இல்லை. குழப்பம் தரும் `0`, `1`, `5`, `S`, `L`, `Z` போன்றவையும் இல்லை. விண்டோஸ் 7 ஸ்டிக்கர் போட்டோவில் கீக்குள் ஒரு `A`-வோ `5`-ஓ தெளிவாகத் தெரிந்தால், அது யாரோ டைப் செய்து உருவாக்கிய கீ. ‘தெளிவாக’ என்பதில் கவனம் வையுங்கள். தேய்ந்துபோன ஸ்டிக்கரில் `6`-உம் `G`-உம், `8`-உம் `B`-உம் ஒன்று போலத்தான் தெரியும். விண்டோஸ் 8-லிருந்து `N` என்ற எழுத்தும் கீயில் வர ஆரம்பித்தது, அதனால் புதிய கீகளுக்கு இந்தப் பட்டியலை அப்படியே பொருத்த வேண்டாம்.

இதெல்லாவற்றையும்விட வலுவான சாட்சி ஒன்று இருக்கிறது. ஸ்டிக்கரில் கீ தவிர, பார்கோடுக்குப் பக்கத்தில் கோடு கோடாகப் பிரித்து எழுதிய 14 இலக்க வரிசை எண் ஒன்றும் இருக்கும். அது ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் தனி. மறுபதிப்பு செய்பவர் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் புதிதாக ஒரு ஸ்டிக்கரை வடிவமைத்துக்கொண்டிருப்பதில்லை. ஒரு ஸ்கேன், பல பிரின்ட், அவ்வளவுதான். ஆகவே அதே விற்பனையாளரின் இன்னொரு லேப்டாப்பின் ஸ்டிக்கர் போட்டோவையும் கேளுங்கள். இரண்டிலும் வரிசை எண் ஒன்றாக இருந்தால், குறைந்தபட்சம் ஒன்று மறுபதிப்பு. அதற்கு மேல் பூதக்கண்ணாடி தேவையில்லை.

ஒரு விளம்பரத்தை எடுத்து நடந்து பார்ப்போம்

இது விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொள்ளும் ஒரு கற்பனை விளம்பரம், மாடல் மட்டும் நிஜம். டெல் லாட்டிட்யூட் இ6430, மூன்றாம் தலைமுறை ஐ5, 2012-ல் வந்தது. ‘விண்டோஸ் 7 ப்ரோ ஒரிஜினல் ஸ்டிக்கர், விண்டோஸ் 10 ஆக்டிவேட்டட்’ என்று விளம்பரம் சொல்கிறது.

மாடலின் வயதுக்கு விண்டோஸ் 7 ஸ்டிக்கர் பொருந்துகிறது. எழுத்தில் டெல் பெயர் இருக்கிறது, ஓ.ஏ. இருக்கிறது. கீயில் தப்பான எழுத்து எதுவும் இல்லை. இதுவரை எல்லாம் சரி.

இப்போது ஸ்டிக்கரை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள இடத்தைப் பாருங்கள். அடிப்பாகத்தின் பிளாஸ்டிக் பத்து வருடத்துக்கு மேல் மேசையில் உரசி வழவழப்பாகியிருக்கிறது, ரப்பர் கால்களில் ஒன்று பாதி தேய்ந்திருக்கிறது. டெல்லின் சொந்த லேபிள்கள் மஞ்சளேறிக் கிடக்கின்றன. நடுவில் விண்டோஸ் ஸ்டிக்கர் மட்டும் நேற்றுத்தான் கடையிலிருந்து வந்தது போல இருக்கிறது, கீயின் ஒவ்வொரு எழுத்தும் கறுப்பாக, கூர்மையாக. அந்தக் காலத்து ஸ்டிக்கர்களின் பெரிய குறையே சூட்டிலும் உரசலிலும் கீ அழிந்துபோவதுதான். அதற்குப் பயந்துதான் சில மாடல்களில் அதை பேட்டரியைக் கழற்றினால் தெரியும் இடத்தில் ஒட்டினார்கள். வெளியே, திறந்த இடத்தில், இத்தனை வருடம் புத்தம் புதிதாக இருப்பது இயல்பல்ல.

கூடவே ஸ்டிக்கரின் மேல் முழுக்க ஒரே சீரான பிளாஸ்டிக் மினுமினுப்பு. லேமினேட் செய்திருக்கிறார்கள். இது மட்டும் சந்தேகத்துக்குக் காரணமாகாது. கீ அழியக் கூடாதென்று ஒரிஜினல் மேலேயே செல்லோடேப் ஒட்டியவர்கள் நிறைய பேர் உண்டு. ஆனால் டேப் ஒட்டினால் அதன் விளிம்பு ஸ்டிக்கரைத் தாண்டி பிளாஸ்டிக் மேலும் போகும், ஓரத்தில் தூசி பிடித்திருக்கும். இங்கே லேமினேஷன் ஸ்டிக்கரின் ஓரத்தோடு சரியாக, ஒரே வெட்டில் முடிகிறது. அதாவது பிரின்ட் எடுத்து, லேமினேட் செய்து, அதற்குப் பிறகு கத்தரித்து ஒட்டியிருக்கிறார்கள்.

சாய்த்து எடுத்த வீடியோ வருகிறது. லேமினேஷன் மேல் வெளிச்சம் ஓடுகிறது, இழை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பட்டை அசையாமல் இருக்கிறது. அவரிடமே விற்பனைக்கு இருக்கும் இன்னொரு இ6430-யின் படத்தைக் கேட்டால், அதே 14 இலக்கம். முடிவு: ஸ்டிக்கர் மறுபதிப்பு.

இங்கே நிறுத்திவிடக் கூடாது. டெல் லேப்டாப்பின் சர்வீஸ் டேக் எண்ணை டெல்லின் சப்போர்ட் தளத்தில் போட்டால், அது தொழிற்சாலையிலிருந்து எந்த உதிரிகளோடு, எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு வந்தது என்ற பட்டியல் கிடைக்கும். நம் உதாரணத்தில் அங்கே விண்டோஸ் 7 ப்ரோ என்றே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்த லேப்டாப் லைசென்ஸோடுதான் பிறந்தது. அதன் நிஜ ஸ்டிக்கர் தேய்ந்தோ கிழிந்தோ போயிருக்கிறது. விற்பனைக்கு ‘லுக்’ வேண்டுமென்று யாரோ ஒரு நகலை ஒட்டியிருக்கிறார்கள். தேய்ந்துபோன ஒரிஜினலை அப்படியே விட்டிருந்தால் அது இந்தப் பளபள நகலைவிட எவ்வளவோ மேலான சாட்சியாக இருந்திருக்கும்!

பட்டியலில் விண்டோஸே இல்லாமல் இருந்தால் கதை வேறு. இந்தியாவில் விலையைக் குறைக்க ‘ஃப்ரீடாஸ்’ அல்லது லினக்ஸோடு விற்கப்பட்ட லேப்டாப்புகள் ஏராளம். அவற்றின் அடியில் பிராண்டட் விண்டோஸ் ஸ்டிக்கர் இருந்தால், நிஜக் காகிதமாகவே இருந்தாலும், அது வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது.

நிஜ ஸ்டிக்கர், வேறு லேப்டாப்

போட்டோவின் எல்லை இங்கேதான் வருகிறது. பழுதாகி ஸ்க்ராப்புக்குப் போன லேப்டாப்பிலிருந்து உரித்தெடுத்த ஸ்டிக்கரின் காகிதம், இழை, அச்சு எல்லாமே நூறு சதவீதம் ஒரிஜினல். மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவற்றில் அது பாஸ் ஆகிவிடும். உரித்த அடையாளம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்: மூலையில் கிழிசல், நடுவில் சுருக்கம், கீழே பழைய பசையோடு புதுப் பசையும் சேர்ந்த ஓரம். ‘இந்த லேபிளைத் தனியாக விற்கக் கூடாது’ என்ற பொருளில் ஒரு வாசகம் ஸ்டிக்கரிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் அந்த லேப்டாப்போடுதான் இருக்கும். ஸ்டிக்கர் அதற்குச் சாட்சி மட்டுமே, அதை உரித்து ஒட்டினால் லைசென்ஸ் கூடவே வந்துவிடாது. அமெரிக்காவில் இப்படி லேபிளை மட்டும் தனியாக விற்பதே 2004-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி குற்றம்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு, நல்ல லேப்டாப்பை வாங்கியவர்களைப் பயமுறுத்துவது அதுதான். விண்டோஸ் 7 லேப்டாப்பில் ஒரு மென்பொருளை ஓட்டி உள்ளே இருக்கும் கீயைப் பார்க்கிறார்கள். ஸ்டிக்கரில் உள்ள கீ ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. ‘ஐயோ, ஏமாந்துட்டோம்’ என்று நினைக்கத் தேவையில்லை. பெரிய நிறுவனங்கள் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான லேப்டாப்புகளுக்கு ஒரே பொதுக் கீயைப் போட்டு, பயாஸில் உள்ள ஒரு அடையாளத்தை வைத்து விண்டோஸ் 7-ஐ ஆக்டிவேட் செய்தன. ஸ்டிக்கரில் இருந்த தனிக் கீ, அந்த ஏற்பாடு கெட்டுப்போனால் பயன்படுத்துவதற்கான மாற்றுச் சாவி. பெரும்பாலானோர் அதைத் தொட்டதே இல்லை. பயன்படுத்தாத கீ லேப்டாப்பின் முதுகில் எல்லோருக்கும் தெரிய ஒட்டிக்கிடந்ததால்தான் அதைப் போட்டோ எடுத்து வேறு இடத்தில் பயன்படுத்தும் பழக்கமும் வளர்ந்தது.

இன்றைக்கு அந்தக் கீக்கு என்ன மதிப்பு? விண்டோஸ் 7 கீயைப் போட்டு விண்டோஸ் 10-ஐ ஆக்டிவேட் செய்யும் வழி நீண்ட காலம் திறந்தே இருந்தது. இலவச அப்கிரேடு 2016 ஜூலை 29-ல் முடிந்துவிட்டதாக அறிவித்த பிறகும் அது வேலை செய்தது. 2023 செப்டம்பரில்தான் அந்த வழியை அடைத்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதனால், ‘ஸ்டிக்கர் இருக்கு சார், நாளைக்கே விண்டோஸ் 11 போட்டுக்கலாம்’ என்று ஒருவர் விண்டோஸ் 7 லேபிளைக் காட்டிச் சொன்னால், அந்த ஸ்டிக்கர் அசலாகவே இருந்தாலும் அந்தப் பேச்சு சரியில்லை. ஏற்கெனவே அந்த லேப்டாப்பில் விண்டோஸ் 10 முறைப்படி ஆக்டிவேட் ஆகியிருந்தால், அந்த உரிமை மதர்போர்டோடு சேர்த்து மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருக்கும். அதற்கு ஸ்டிக்கர் தேவையே இல்லை.

லேப்டாப்பையே கேட்டுவிடலாம்

கையில் லேப்டாப் கிடைத்தால், அல்லது விற்பவர் வீடியோ காலில் காட்டத் தயாராக இருந்தால், பவர்ஷெல்லைத் திறந்து இந்த வரியைக் கொடுங்கள்:

```
(Get-CimInstance SoftwareLicensingService).OA3xOriginalProductKeyDescription
```

ஃபர்ம்வேரில் கீ இருந்தால் அது எந்தப் பதிப்புக்கானது என்று காட்டும். `Professional OEM:DM` போல ஒரு பதில் வந்தால் தொழிற்சாலையில் எழுதப்பட்ட கீ இருக்கிறது என்று பொருள். காலியாக வந்தால் ஃபர்ம்வேரில் கீ இல்லை. விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்பில் அது இயல்பு. 2018 மாடலில் காலியாக வந்தால் அது விண்டோஸ் இல்லாமல் விற்கப்பட்டதாக இருக்கலாம், இல்லை மதர்போர்டு மாற்றப்பட்டிருக்கலாம். கவனியுங்கள், இந்த வரி கீயைக் காட்டாது, விவரத்தை மட்டும்தான் காட்டும். அதனால் திரையைப் போட்டோ எடுத்தாலும் ஆபத்தில்லை.

அடுத்து, இப்போது ஓடும் விண்டோஸ் எப்படி ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று பார்க்க:

```
slmgr /dli
```

வரும் சின்ன ஜன்னலில் `OEM_DM channel` என்று இருந்தால் ஃபர்ம்வேர் கீயோடு ஓடுகிறது. `VOLUME_MAK` என்றால் அது ஏதோ ஒரு நிறுவனத்தின் மொத்த லைசென்ஸ். ஐ.டி. கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்புகளில் இதைப் பார்க்கலாம். அந்த உரிமை அந்த நிறுவனத்துடையது, லேப்டாப்போடு உங்களுக்கு வராது. `VOLUME_KMSCLIENT` என்றால், வீட்டு லேப்டாப்பைப் பொறுத்தவரை எச்சரிக்கை மணி. அலுவலக சர்வரோடு 180 நாளுக்குள் ஒருமுறையாவது பேசிப் புதுப்பிக்க வேண்டிய முறை அது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு சர்வர் இல்லையென்றால், யாரோ கிராக் போட்டிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம். `RETAIL channel` என்று வந்து, கீயின் கடைசி ஐந்து எழுத்து `3V66T` என்றிருந்தால், அது விண்டோஸ் ப்ரோ டிஜிட்டல் லைசென்ஸில் எல்லோருக்கும் வரும் பொதுக் கீ. முறையான அப்கிரேடிலும் இதுதான் வரும், சில கிராக்குகளிலும் இதுதான் வரும். அந்த இடத்தில் பில்லைத்தான் நம்ப வேண்டும்.

முறைப்படி புதுப்பித்து விற்பவர்களுக்கு என்று மைக்ரோசாஃப்ட் தனி லைசென்ஸ் கொடுக்கிறது. அந்த லேபிளில் ரீஃபர்பிஷ்டு கம்ப்யூட்டருக்கானது என்று எழுதியே இருக்கும், பழைய ஒரிஜினல் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் இரண்டாவதாக அது ஒட்டப்பட்டிருக்கும். ஆக, ஒரு லேப்டாப்பில் இரண்டு ஸ்டிக்கர் இருந்தால் பயந்துவிட வேண்டாம். சொல்லப்போனால் அது நல்ல அறிகுறி.

நீங்கள் விற்பவராக இருந்தால்

கீ வெளியே தெரியும் ஸ்டிக்கரை அப்படியே போட்டோ எடுத்து விளம்பரத்தில் போடாதீர்கள். அந்தப் படம்தான் அடுத்தவர் அடிக்கும் மறுபதிப்புக்கு மூலப் படம். உங்கள் கீ பல இடங்களில் பயன்படுத்தப்பட்டு முடக்கப்பட்டால், வாங்கியவர் உங்களிடம்தான் வந்து நிற்பார். கீயின் நடு மூன்று தொகுதிகளையும் பார்கோடையும் ஒரு காகிதத் துண்டால் மறைத்துவிட்டு எடுங்கள். எடுத்த பிறகு ஆப்பில் ப்ளர் செய்வது அவ்வளவு பாதுகாப்பல்ல. எழுத்துருவும், வரக்கூடிய எழுத்துகளும் தெரிந்திருக்கும்போது மெலிதான ப்ளரிலிருந்து எழுத்தை ஊகிக்க முடியும். இழை உள்ள இடத்தை மட்டும் மறைக்காதீர்கள், வாங்குபவர் பார்க்க வேண்டியதே அதைத்தான். ஸ்டிக்கர் தேய்ந்திருந்தால் தேய்ந்தபடியே காட்டுங்கள். இழந்த சி.ஓ.ஏ.வுக்கு மாற்று ஸ்டிக்கரை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை என்பதால், ‘டூப்ளிகேட் ஸ்டிக்கர் போட்டுத் தர்றோம்’ என்று யார் சொன்னாலும் அது நகல்தான்.

அந்த நகலை ஒட்டி விற்பதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. வர்த்தக முத்திரையைப் பொய்யாகப் பயன்படுத்துவதற்கு 1999-ஆம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டத்தின் 103-ஆவது பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வாங்குபவர் பக்கம் பார்த்தால், காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. ‘தெரிந்தே’ என்ற சொல்தான் அங்கே முக்கியம். அதனால், குறிப்பாக ஃப்ரீலான்ஸ் வேலைக்கோ சின்ன நிறுவனத்துக்கோ வாங்குகிறீர்கள் என்றால், லேப்டாப்பின் சீரியல் எண்ணும், விண்டோஸின் பதிப்பும், அது எந்த வகை லைசென்ஸ் என்பதும் ஒரே பில்லில் எழுதி வாங்குங்கள். ‘ஸ்டிக்கர்தான் இருக்கே, பில்லுல எதுக்கு சார்?’ என்று கடைக்காரர் கேட்டால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் `slmgr /dli` அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.